வீடியோவில் பொன்னிற அதிரசம், கடாயில் பழுப்பு நுரை: ஒரு மீம் படத்தின் பின்னால் நடந்தது

2024 தீபாவளிக்கு முன்பு ஓசூரில் நடந்த ஒரு சமையல் முயற்சியைப் பற்றிய பதிவு இது. சமைத்தவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்ட படம் அவர் கையை விட்டுப் போய், பல குழுக்களில் சிரிப்புப் படமாகச் சுற்றியது. அவருடைய அனுமதியோடு, பெயரைச் சொல்லாமல் எழுதுகிறேன். தீபாவளி, கார்த்திகை நாட்களில் ஆர்டருக்குப் பலகாரம் செய்து கொடுப்பது என் தொழில். அவர் எங்கள் கட்டடத்தில் மாடி வீட்டில் நண்பர்களோடு குடியிருப்பவர்.

"வீடியோவில் இப்படி, எனக்கு இப்படி" என்று வரும் படங்களில் ஆரம்பமும் முடிவும் மட்டும்தான் இருக்கும். தவறு நடந்தது நடுவில். இந்த நிகழ்வில் அந்த நடுப்பகுதியை முழுவதுமாகத் திரட்ட முடிந்தது. மாவு மீதம் இருந்தது, பாக்கெட் உறை குப்பைக்குப் போகவில்லை, பாகை எடுத்த ஒரு படம் போனில் கிடந்தது. எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான்.

## பின்னணி

இருபதுகளின் நடுவில் இருக்கும் இளைஞர். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வருடா வருடம் தீபாவளிக்கு அவருடைய அம்மா அதிரசம் சுடுவார். அந்த வருடம் அம்மாவுக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தார்கள். "இந்தத் தடவை நான் சுட்டு எடுத்துட்டு வரேன்மா" என்று மகன் சொல்லியிருக்கிறார். சோறு, குழம்பு, முட்டை எல்லாம் ஓரளவு நன்றாகவே செய்யக்கூடியவர். பலகாரம் செய்தது இல்லை.

அம்மாவிடம் போனில் கேட்டபோது அளவு எதுவும் கிடைக்கவில்லை. "ஈர மாவா இருக்கணும், பாகு தக்காளிப் பதம் வரணும், கைக்குத் தெரியும்" என்பதுதான் பதில். கைக்குத் தெரியாதவருக்கு இது போதாது என்று நினைத்து வீடியோ தேடியிருக்கிறார். ஈர மாவு என்று அம்மா சொன்ன சொல் அப்போது அவர் மனதில் நிற்கவில்லை. பாகுதான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்வதால் கவனம் முழுக்கப் பாகிலேயே இருந்தது.

## வீடியோவில் இருந்ததும் இல்லாததும்

அந்த வீடியோவை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற குறும்படம். எழுத்தில் வருவது: அரிசி மாவு 2 கப், வெல்லம் 1½ கப், ஏலக்காய், எண்ணெய். முதல் காட்சியிலேயே ஒரு பாத்திரத்தில் வெள்ளை மாவு இருக்கிறது. அடுத்து வெல்லம் கொதிக்கிறது. ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, அதில் பாகைச் சொட்டி, விரலால் உருட்டிக் காட்டுகிறார்கள். அந்தப் பகுதி சரியாகவே இருந்தது. பிறகு மாவைக் கொட்டிக் கிளறுவது, வாழை இலையில் தட்டுவது, எண்ணெயில் பொன்னிறமாக மேலே எழும்புவது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. பாத்திரத்தில் இருந்த மாவு ஈர மாவு. சரிந்து கிடக்காமல் சின்னச் சின்ன உதிரியாகப் பொசபொசவென்று நிற்கிறது. ஒரு ஓரத்தில் விரல் பட்ட தடம் அப்படியே பதிந்திருக்கிறது. காய்ந்த மாவில் தடம் அப்படி நிற்காது. இரண்டாவது, கிளறும்போது ஒரு சட்டையும் தட்டும்போது வேறொரு சட்டையும் போட்டிருக்கிறார்கள். நடுவில் குறைந்தது ஓர் இரவாவது மாவு ஊறியிருக்கிறது. இரண்டையும் வாயால் யாரும் சொல்லவில்லை. அதிரசம் சுட்டுப் பழகிய யாருக்கும் சொல்லத் தேவையும் இல்லை. வீடியோ போட்டவர் பொய்யாக எதையும் காட்டவில்லை. அவருக்குச் சொல்லத் தோன்றாதது, பார்த்தவருக்குத் தெரியாததாக இருந்தது.

## முதல் முயற்சி, அக்டோபர் 20, ஞாயிறு

கடையில் "அரிசி மாவு" என்று கேட்டு வாங்கியிருக்கிறார். கிடைத்தது இடியாப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் என்று விற்கிற வறுத்த மாவு. உறையில் அது தெளிவாகவே அச்சிட்டிருந்தது. வீடியோ அளவை இரண்டு மடங்காக்கி 4 கப் மாவு, 3 கப் பொடித்த வெல்லம் எடுத்திருக்கிறார்.

வெல்லத்தைக் கரைத்து, வடிகட்டி, கொதிக்கவிட்டுத் தண்ணீரில் சொட்டிப் பார்த்திருக்கிறார். உருண்டது. அந்த உருண்டையை ஒரு படம் எடுத்து நண்பருக்கு அனுப்பியிருக்கிறார். அதை நானும் பார்த்தேன். தட்டின் அடியில் கரையாமல், கலங்காமல் உட்கார்ந்திருந்தது. விரல் அழுத்திய இடம் மட்டும் மெத்தென்று உள்வாங்கியிருந்தது. தக்காளிப் பதம் என்றால் அதுதான். பாகில் எந்தக் குறையும் இல்லை.

மாவைக் கொட்டியதும் சிக்கல் தொடங்கியது. வீடியோவில் கரண்டியிலிருந்து மடிந்து மடிந்து விழுந்த கலவை, இவருக்குக் கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியது. ஆறினால் இன்னும் கல்லாகிவிடுமோ என்று பயந்து, அரை டம்ளர் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றிக் கிளறியிருக்கிறார். உடனே வழுவழுப்பாக வந்தது. பார்வைக்கு இப்போது அப்படியே வீடியோவில் உள்ள மாவு. ஒரு மணி நேரம் வைத்திருந்து, இலையில் தட்டி, எண்ணெயில் போட்டார்.

முதல் அதிரசம் அடியில் போய் உட்கார்ந்தது, ஓரம் கரைந்தது, அரை நிமிடத்துக்குள் எண்ணெய் முழுக்கப் பழுப்பு நுரை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போட்டபோது நுரை கடாயின் விளிம்புக்கு வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அந்தக் கோலத்தைப் படம் எடுத்தார்.

## படம் மீம் ஆனது

மேலே வீடியோவின் கடைசிக் காட்சி, கீழே தன் கடாய். "அவங்க சுட்டது, நான் சுட்டது" என்று எழுதி ஸ்டேட்டஸில் வைத்தார். அன்று இரவுக்குள் அவருடன் வேலை செய்கிறவர்கள் அதை எடுத்து, கீழே வடிவேலு முகத்தை ஒட்டி, வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் எங்கள் கட்டடத்துக் குழுவிலும் வந்தது. அனுப்பியவருக்கு அது மாடி வீட்டுக் கடாய் என்பது தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

கீழே வந்த பதில்களில் சிரிப்பைத் தவிர ஆலோசனையும் நிறைய இருந்தது. எண்ணெய் காயவில்லை என்றார் ஒருவர், ரொம்பக் காய்ந்துவிட்டது என்றார் இன்னொருவர். வெல்லத்தில் கலப்படம், பாகு பதம் வரவில்லை, மைதா சேர்க்கவில்லை, சிலருக்குக் கைராசி இல்லை. நிறையப் பேர் கை காட்டியது பாகைத்தான். ஊரில் இருந்த அம்மாவுக்கும் உறவினர் வழியாகப் படம் போயிருக்கிறது. அவரும் பார்த்த உடனே, "பாகு எளகிப் போச்சுப்பா" என்றிருக்கிறார்.

இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அம்மா சொன்னது பொய்யில்லை. அந்தப் படத்தில் தெரிந்தது இளகிய பாகுதான். ஆனால் அதைக் கேட்ட மகன், தான் பாகு எடுத்ததில்தான் தப்பு என்று எடுத்துக்கொண்டார். அடுத்த முறை இன்னும் கெட்டியாகப் பாகு எடுப்பது என்பது அவர் திட்டம். அப்படிச் செய்திருந்தால் அதே மாவோடு அதிரசம் கல்லாக வந்திருக்கும், இன்னொரு மீமும் வந்திருக்கும்.

## படத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்

படிக்கட்டில் பார்த்தபோது அவரே சொல்லித்தான் அது அவருடைய கடாய் என்று தெரிந்தது. பேச்சு முடிந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அதிரசம் கெட்டுப்போவதில் வகைகள் உண்டு, ஒவ்வொன்றும் எண்ணெயில் வேறு மாதிரி தெரியும். மாவில் ஈரம் கூடிப்போனால் அதிரசம் வட்டமாக நிற்காமல் படரும், ஓரம் வலை வலையாகப் பிரியும், மோசமானால் முழுதாகக் கரைந்து நுரைக்கும். மாவு காய்ந்திருந்தால் போட்ட உடனே வெடித்துத் துண்டு துண்டாகும். துண்டுகளின் ஓரம் சுத்தமாக இருக்கும், எண்ணெய் அவ்வளவாகக் கலங்காது. எண்ணெய் அதிகமாகக் காய்ந்திருந்தால் உடைவது அபூர்வம், வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும்.

இவருடைய படத்தில் எண்ணெய் கலங்கி நுரைத்திருந்தது. அது ஈரத்தின் அடையாளம். ஆனால் நுரைக்கு அடியில் மணல் மணலாக வண்டல் தெரிந்தது. சரியான ஈர மாவில் பாகு மட்டும் இளகினால் இப்படி மணல் வராது, கூழ் மாதிரிதான் கரையும். காய்ந்த மாவின் அடையாளமும் ஈரம் கூடியதன் அடையாளமும் ஒரே கடாயில் இருந்தன. இரண்டும் சேர்ந்து வருவது வழக்கமில்லை என்பதால் படத்தை வைத்து முடிவு சொல்லாமல், "மிச்ச மாவு இருக்கா தம்பி?" என்று கேட்டேன்.

"பாதிக்கு மேல அப்படியே இருக்குக்கா. தூக்கிப் போட மனசு வரல."

## மாவைக் கையில் எடுத்தபோது

எவர்சில்வர் டப்பாவைத் திறந்தால் மாவு நடுவில் திட்டாக நின்றது, அதைச் சுற்றி வெல்லத் தண்ணீர் கசிந்து தேங்கியிருந்தது. ஒரு நாள் ஊறியும் மாவு பாகைக் குடிக்கவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவில் தேய்த்தேன். நைஸான ரவை மாதிரி நெருடியது. வாயில் போட்டால் பல்லில் கரகரத்தது.

"தண்ணி ஏதாவது ஊத்துனியா?"

"அரை டம்ளர்க்கா. வீடியோல வழுவழுன்னு இருந்துச்சு, எனக்குக் கட்டியாயிடுச்சு. அதான்."

அதோடு மாவு உறையும் கிடைத்தது, பாகு உருண்டையின் படமும் கிடைத்தது. நடந்தது முழுதாகப் புரிந்தது.

அதிரசத்தில் அரிசிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தக்காளிப் பதத்துக்கு வந்த பாகு ஏறத்தாழ 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் வரை கொதித்தது. அந்த நிலையில் அதன் எடையில் சுமார் 15 சதவீதம்தான் தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சர்க்கரை இறுக்கிப் பிடித்திருக்கும், மாவுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. அதனால் அரிசி தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே உள்ளே வைத்துக்கொண்டு வர வேண்டும். அரிசியை ஊறவைத்து, ஈரத்தோடு அரைப்பது அதற்குத்தான். காய்ந்த அரிசியில் 12, 13 சதவீதம் ஈரம் இருக்கும், நன்றாக ஊறினால் 30 சதவீதம் அளவுக்கு வரும். எண்ணெயில் விழும்போது அந்த உள் ஈரத்தில்தான் அரிசி வெந்து, பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டுகிறது. வெல்லம் இளகி ஓடுவதற்கு முன்னால் அரிசி பிடித்துக்கொள்ள வேண்டும்.

இவருடைய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 3 கப் வெல்லம் என்பது 600 கிராமுக்குப் பக்கம். பதம் வந்த பாகில் மிஞ்சியிருந்த தண்ணீர் 100 கிராம் அளவு. அவர் ஊற்றிய அரை டம்ளரும் கிட்டத்தட்ட 100 கிராம். பாகில் இருந்த தண்ணீர் ஒரே நொடியில் இரட்டிப்பானது, பாடுபட்டு எடுத்த பதம் போய்விட்டது. இதில் கவனிக்க வேண்டியது, அதே அளவு அரிசியை ஊறவைத்து அரைத்திருந்தாலும் 100 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே வந்திருக்கும் என்பது. அவர் ஊற்றிய தண்ணீர் அளவில் அதிகம் இல்லை. அரிசிக்குள் இருக்க வேண்டியது பாகில் போய்ச் சேர்ந்தது. பாகில் இருந்த தண்ணீர் எண்ணெயில் நுரைத்தது, தண்ணீர் கிடைக்காத மாவு மணலாக அடியில் தங்கியது. படத்தில் இரண்டு அடையாளமும் சேர்ந்து தெரிந்ததற்கு விளக்கம் இதுதான்.

கப் அளவும் கொஞ்சம் கெடுத்திருக்கிறது. சலித்த ஈர மாவு ஒரு கப்பில் லேசாக நிற்கும். பாக்கெட் மாவு அதே கப்பில் அடங்கி உட்கார்ந்து எடை கூடப் பிடிக்கும். 4 கப் என்று அளந்தபோதே வீடியோவில் இருந்ததைவிட அரிசி அதிகமாகப் போய்விட்டது. கலவை அவ்வளவு வேகமாக இறுகியதில் இதற்கும் பங்கு உண்டு.

இன்னொன்றும் படத்தில் இருந்தது, பதில் எழுதிய யாரும் கவனிக்கவில்லை. கடாயில் முக்கால் அளவுக்கு எண்ணெய் இருந்தது. கரைந்து நுரைக்கிற மாவுக்கு அது ஆபத்தான அளவு. நுரை இன்னும் ஒரு விரல் ஏறியிருந்தால் பர்னர் மேல் வழிந்திருக்கும். அவர் அடுப்பை அணைத்தது சரியான காரியம். அதை அவரிடமும் சொன்னேன்.

## எடுத்த முடிவுகள்

முதல் கேள்வி மிச்ச மாவை என்ன செய்வது. பாகு இளகிவிட்டால் வழக்கமாகச் செய்வது, கொஞ்சம் ஈர அரிசி மாவைச் சேர்த்துப் பிசைந்து இறுக்குவது. ஒரு எலுமிச்சை அளவு மாவில் மட்டும் அதைச் சோதித்தோம். எண்ணெயில் கரையவில்லை, ஆனால் ஓரம் உதிர்ந்தது, தின்னும்போது கரகரப்பு அப்படியே இருந்தது. வறுத்த மாவு ஏற்கெனவே காய்ந்து போனது, இனிமேல் எவ்வளவு ஊறினாலும் பாகுக்குள் அது இளகாது. அதிரசமாக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டு பழுத்த வாழைப்பழத்தை மசித்து, கோதுமை மாவும் போதுமான தண்ணீரும் சேர்த்து, தோசை மாவைவிடக் கெட்டியாகக் கரைத்துக் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றினோம். குழி தாங்கிக்கொள்வதால் கலவை தானாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை. கூடுதல் தண்ணீரில் மாவும் வெந்துவிடும். லேசான கரகரப்பு இருந்தது, ஆனாலும் அன்று மாலைக்குள் தீர்ந்துவிட்டது.

இரண்டாவது கேள்வி, திரும்பச் செய்வதா, என்னிடமே ஆர்டர் கொடுப்பதா. அவர் தயங்கினார். அம்மாவுக்குத் தன் கையால் சுட்டது வேண்டும் என்பதுதான் அவருக்கு இதில் எல்லாம். நான் செய்து கொடுத்தால் அந்த நோக்கம் போய்விடும். அதனால் அடுப்பில் நான் கை வைப்பதில்லை, பக்கத்தில் இருந்து பார்ப்பேன் என்று பேசிக்கொண்டோம். அளவைக் கப்பில் எடுக்காமல் தராசில் எடுப்பது என்றும், பாகு எடுக்கும்போது அம்மாவை வீடியோ காலில் வைத்துக்கொள்வது என்றும் முடிவானது. அம்மாவுக்குப் பதத்தை எண்ணில் சொல்ல வராது, கண்ணால் பார்த்தால் உடனே சொல்லிவிடுவார்.

மூன்றாவதாக, மைதா சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தோம். மைதா போட்டால் உடையாது என்பது உண்மை. ஆனால் ஆறியதும் ரப்பராக இழுக்கும், இரண்டாம் நாள் இன்னும் மோசம். ஊருக்குக் கொண்டுபோகிற பலகாரத்துக்கு அது ஒத்துவராது.

## இரண்டாம் முயற்சி, அக்டோபர் 26 முதல் 28 வரை

சனிக்கிழமை மாலை 500 கிராம் மாவுப் பச்சரிசியைக் கழுவி 2 மணி நேரம் ஊறவைத்தார். வடிகட்டி, வேட்டித் துணியில் மின்விசிறிக்குக் கீழே பரப்பினார். இங்கே நேரத்தை நம்பக் கூடாது. அன்று வெளியே மழை, அரை மணி நேரமாகியும் அரிசி சொதசொதவென்றுதான் இருந்தது. கையில் அள்ளிக் கொட்டினால் உள்ளங்கையில் சில அரிசிகள் ஒட்ட வேண்டும், ஆனால் கை நனையக் கூடாது. அந்த நிலைக்கு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. மிக்ஸியில் சிறிது சிறிதாக அரைத்துச் சலித்தார். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டையாக நின்றது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. காற்றுப் படாமல் உடனே மூடி வைத்தார்.

பாகு வெல்லம் 400 கிராம், தண்ணீர் 100 மில்லி. கரைந்ததும் மண் போக வடிகட்டித் திரும்பக் கொதிக்கவிட்டார். அம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் சொட்டு தண்ணீரில் கரைந்து பரவியது. அடுத்தது பிசினாக ஒட்டியது, உருளவில்லை. "இன்னும் ஆகல" என்றார் அம்மா. அதற்கு அடுத்த சொட்டை விரலால் திரட்டி எடுத்தபோது உருண்டு, அழுத்தினால் அமுங்கியது. "எறக்கு, எறக்கு, எறக்குப்பா" என்று அம்மா குரல் உயர்ந்தது. இந்த இடத்தில் பாகு வேகமாக மாறும். கொஞ்சம் விட்டால் தட்டில் போட்டதும் டங்கென்று சத்தம் கேட்கிற பதத்துக்கு ஓடிவிடும். தண்ணீரில் சொட்டிப் பார்க்கிற நேரத்தில் அடுப்பைச் சிம்மில் வைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இறக்கியதும் ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குத்தூள். மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறினார். ஒரு கைப்பிடி மாவை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டோம். சூட்டில் இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து மடிந்து விழுகிற நிலையில் நிறுத்தச் சொன்னேன். இன்னும் போடலாம் போலத் தோன்றும், போடக் கூடாது, ஆறினால் தானாக இறுகும். முன்பு பயந்து தண்ணீர் ஊற்றிய அதே கட்டத்தில் இப்போது பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலே ஒரு கரண்டி நெய் விட்டு மூடி வைத்தார்.

ஞாயிறு மாலை ஒன்றை மட்டும் சுட்டுப் பார்த்தார். வட்டமாக எழும்பியது, ஆனால் ஓரம் வலை கட்டிப் படர்ந்தது. மழை நாள் மாவில் ஈரம் கொஞ்சம் கூடுதல். ஃபிரிட்ஜில் இருந்த மாவில் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்து நன்றாகப் பிசைந்து இன்னொரு இரவு விட்டார். எடுத்து வைத்த கைப்பிடிதான் காப்பாற்றியது.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து முழுவதையும் சுட்டார். எண்ணெய் கடாயில் பாதிக்கும் கீழே. எலுமிச்சை அளவு உருண்டை, எண்ணெய் தடவிய வாழை இலையில் அரை விரல் கனம். மிதமான தீயில் ஒரு நேரத்தில் ஒன்று. உள்ளே போய், அடியில் கொஞ்சம் தங்கி, மேலே வரும். கரண்டியால் எண்ணெயை மேலே அள்ளி ஊற்றினால் லேசாக உப்பும். திருப்பி, செம்பழுப்பானதும் எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிக்கு நடுவில் வைத்து அழுத்தினால் எண்ணெய் வடியும். எண்ணெயில் இருக்கும்போது கரண்டி பட்டால் மடங்கும் அளவுக்கு மெத்தென்றுதான் இருக்கும், வெளியே எடுத்த பிறகுதான் நிலைக்கும். இது வேகவில்லை என்று நினைத்து அவர் முதல் சிலவற்றைக் கூடுதலாக விட்டுவிட்டார், அவை ஆறியதும் விறைத்தன. கடைசியில் பாத்திரத்தின் ஓரத்து மாவு காய்ந்து விரிசல் விட்டது. வெதுவெதுப்பான பால் சில துளி தெளித்துப் பிசைந்ததும் சரியானது.

நிறத்தைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. வீடியோவில் பொன்னிறம், இவருக்கு நல்ல பழுப்பு. பாகு வெல்லம் கறுப்பாக இருந்தால் அதிரசமும் கறுப்பாகத்தான் வரும், வெளிர் வெல்லத்துக்கு வெளிர் நிறம். அந்தப் பொன்னிறத்துக்காக அவசரமாக எடுத்திருந்தால் நடு வேகாமல் போயிருக்கும். வீடியோவின் நிறத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம் என்று சொன்னேன்.

## விளைவு

புதன்கிழமை இரவு பஸ்ஸில் ஊருக்கு எடுத்துப் போனார். விறைத்த சிலதை இங்கேயே நண்பர்கள் தின்றுவிட்டார்கள். தீபாவளியன்று அம்மா சொன்னதை எனக்குப் போனில் சொன்னார்: "மெத்துன்னு இருக்கு, சுக்கு தூக்கலா இருக்கு, அடுத்த தடவ பாதி போடு." அந்த அளவுக்குக் குறை சொல்லும்படி வந்தது என்பதில் எனக்கு நிறைவு. நன்றாக வராத அதிரசத்தில் சுக்கைப் பற்றிப் பேச்சு வராது.

பழைய மீம் அதன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே அவர் பிறகு ஒரு பதில் எழுதினார்: மாவு வறுத்த பாக்கெட் மாவு, பாகு சரியாகத்தான் இருந்தது, நடுவில் தண்ணீர் ஊற்றினேன் என்று. அதைப் படித்த இரண்டு மூன்று பேர் தாங்களும் அதே மாவில்தான் செய்ததாக எழுதியிருந்தார்கள். அவர்கள் எல்லோரும் அதுவரை பாகைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

## அடுத்த முறை மாற வேண்டியவை

அவர் பக்கத்தில் மாறுவது, மாவை முதலில் பார்ப்பது. மில்லிலோ மிக்ஸியிலோ ஈரமாக அரைத்த மாவு கிடைக்காத நாளில் அதிரசம் வேண்டாம், அதே வெல்லத்தில் அப்பம் சுடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். கலவை கெட்டியாகிவிட்டால் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஓர் இரவு மூடி வைத்துப் பார்த்துவிட்டு, தேவையானால் பால் தெளிப்பது. எப்போதும் ஒன்றைச் சுட்டுப் பார்த்த பிறகே மற்றதைத் தட்டுவது.

என் பக்கத்தில் ஒரு மாற்றம் உண்டு. இப்படிக் கெட்டுப்போன பலகாரத்தின் படத்தை அனுப்பிக் காரணம் கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் கடாய்ப் படத்தோடு இன்னும் மூன்று கேட்கிறேன்: மாவு எந்த மாவு என்பதற்கு உறையின் படம், பிசைந்த மாவை உள்ளங்கையில் பிடித்துத் திறந்த படம், அளவில் எழுதாத எதையாவது நடுவில் சேர்த்தார்களா என்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லப் பலரும் தயங்குகிறார்கள். இரண்டு ஸ்பூன் தண்ணீர், கொஞ்சம் பால், வீட்டில் இருந்த நாட்டுச்சர்க்கரை என்று மெதுவாகத்தான் வரும். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வீடியோ எடுப்பவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது. அதிரச வீடியோவில் மாவைக் காட்டும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பிடித்து, உதிர்த்துக் காட்டுங்கள். இரண்டு நொடி போதும். "மறுநாள்" என்ற ஒரு சொல்லையும் திரையில் போட்டுவிடுங்கள்.